ஆறாவது வார ஊசியும் அன்று இரவுக் காய்ச்சலும்

தடுப்பூசி போட்டுவிட்டு வந்த அன்று இரவு குழந்தைக்கு உடம்பு சுட ஆரம்பித்தால், வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "ஊசி போட்டா காய்ச்சல் வரத்தான் செய்யும், சும்மா இரு" என்று ஒரு கட்சி. "இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ" என்று இன்னொரு கட்சி. சிக்கல் என்னவென்றால் சில இரவுகளில் முதல் கட்சி சொல்வது சரி, சில இரவுகளில் இரண்டாவது கட்சி சொல்வது சரி. எந்த இரவு எந்த வகை என்று கண்டுபிடிக்க நேரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடுப்பூசிக்கும் தனி நேரம் உண்டு. சிலவற்றின் விளைவு அன்றே தெரியும், ஒன்று பத்து நாள் கழித்துத் தலைகாட்டும், இன்னொன்று ஒரு மாதம் வரை சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு அப்புறம் கொப்பளமாக எழும்பும். எந்த ஊசி, எப்போது போட்டது என்பது கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் அட்டவணையைப் பார்த்துவிடலாம். நாட்டுக்கு நாடு இது மாறும். பிறந்தவுடன் சில, பிறகு 6, 10, 14 வாரங்களில் என்று போடும் நாடுகள் நிறைய. 2, 4, 6 மாதங்களில் போடுகிற நாடுகளும் உண்டு, 2, 3, 4 என்று போடுகிற இடங்களும் உண்டு. உங்கள் கையில் கொடுத்திருக்கும் அட்டையில் என்ன தேதி எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் குழந்தையின் அட்டவணை, இணையத்தில் பார்த்த வேறு ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இங்கே 6, 10, 14 வார முறையை வைத்துக்கொண்டு பேசுகிறேன், அதிலும் முக்கியமாக ஆறாவது வாரத்தைப் பற்றி, ஏனென்றால் பிறந்த சமயத்துக்குப் பிறகு ஒரே நாளில் பல மருந்துகள் உடம்புக்குள் போகும் முதல் தடவை அதுதான், பெற்றோர் அதிகம் பதறுவதும் அன்றுதான்.

அது ஏன் ஆறாவது வாரம் என்று கேட்கலாம். அதற்கு முன்னால் போட்டால் குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு இந்த ஊசிகளுக்குச் சரியாகப் பதில் தராது. சரி, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று ஆறு மாதம் வரை காத்திருக்கலாமா என்றால், கக்குவான் இருமல் அதுவரை காத்திருக்காது. பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் நீளும் வறட்டு இருமலாகப் போகிற அந்த நோய், இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு வந்தால் இருமலே இல்லாமல் மூச்சு நின்று நின்று வரலாம். அதனால் போட்டால் பலன் தரத் தொடங்கும் வயதுக்கும் நோய் வந்தால் உயிருக்கு ஆபத்தான வயதுக்கும் நடுவில் ஒரு சமரசமாகத்தான் இந்தத் தேதியை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தடுத்த ஊசிகளுக்கு நடுவில் குறைந்தது நாலு வாரம் விடுவதற்கும் காரணம் உண்டு. முதல் ஊசி போட்டவுடன் உடம்பு அந்தக் கிருமியின் அடையாளத்தைப் படித்து, அதை நினைவில் வைக்கும் செல்களை உருவாக்குகிறது, அதற்குச் சில வாரம் பிடிக்கும். அது முடிவதற்குள் அடுத்ததைப் போட்டால் அந்த ஊசியின் பலன் குறைந்துவிடும். ஆகவே தேதிக்கு முன்னால் போவதுதான் தப்பு. தாமதமாகப் போவது அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, பாதுகாப்பு வர இன்னும் சில வாரம் ஆகும், அந்த இடைவெளியில் நோய் வந்துவிடக்கூடும், அதுதான் நஷ்டம். ஊருக்குப் போனதாலோ உடம்பு சரியில்லாததாலோ 10வது வார ஊசி 16வது வாரத்துக்குப் போய்விட்டது என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்னால் போட்டது வீணாகப் போகாது. இது தெரியாமல், "தேதி தப்பிடுச்சு, இனி போட்டா என்ன, போடாட்டி என்ன" என்று அப்படியே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியை வைத்துத்தான் கணக்கு. எட்டு மாதத்தில் பிறந்ததால் ஒரு மாதம் தள்ளிப் போடுவோம் என்று நாமாக முடிவு செய்யக்கூடாது, அந்தக் குழந்தைகளுக்குத்தான் கிருமியால் வரும் ஆபத்து அதிகம். பிறந்த உடனே போடுகிற ஒன்றிரண்டில் மட்டும் எடையைப் பார்த்து டாக்டர் மாற்றம் செய்யலாம்.

ஆறாவது வாரம் என்னென்ன போடுகிறார்கள்

பிறந்த சமயத்தில் மூன்று போட்டிருப்பார்கள். இடது தோளுக்குக் கீழே காசநோய்க்கான பிசிஜி, வாயில் போலியோ சொட்டு, தொடையில் ஹெபடைடிஸ் பி. இந்தக் கடைசி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றிவிடக்கூடும், அப்படிப் பிறப்பிலேயே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்க ஈரலில் தங்கிவிடும், அந்த அவசரத்துக்கு அதுதான் காரணம்.

ஆறாவது வாரத்தில் பென்டாவலன்ட் என்ற ஊசி போடுவார்கள். ஒரே ஊசியில் ஐந்து நோய்களுக்கான மருந்து: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, அப்புறம் ஹிப் என்ற பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும். கூடவே நிமோனியாவைத் தரும் இன்னொரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு வாய்வழி மருந்து, போலியோவுக்குச் சொட்டு மருந்து, சில இடங்களில் போலியோவுக்கே தனி ஊசியும் உண்டு. ஒரே நாளில் இத்தனையா என்று தோன்றும். குழந்தையின் உடம்பு பிறந்த நிமிடத்திலிருந்து தோலிலும் குடலிலும் எண்ணிக்கையே இல்லாத கிருமிகளைச் சந்தித்துக்கொண்டிருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இந்த ஊசிகளில் இருப்பது சொற்பம். தனித்தனி நாளில் பிரித்துப் போட்டால் அழுகை நாட்கள்தான் அதிகமாகும், நடுவில் பாதுகாப்பும் தள்ளிப்போகும்.

ஊசி பெரும்பாலும் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போடப்படும். அந்த வயதில் நல்ல சதை இருப்பது அங்கேதான், பெரிய நரம்பு எதுவும் அங்கே குறுக்கே போகாது. புட்டத்தில் போட்டால் அங்கே செல்லும் பெரிய நரம்பில் படக்கூடும், கொழுப்பில் தங்கி மருந்தின் பலனும் குறையலாம். ஒரே தொடையில் இரண்டு ஊசி போட வேண்டி வந்தால் நடுவில் ஓர் அங்குலமாவது இடைவெளி விடுவார்கள். எந்தத் தொடையில் எது போட்டார்கள் என்று கேட்டு அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரு தொடை மட்டும் வீங்கினால் எந்த மருந்தால் என்று சொல்ல இது உதவும்.

வலியைக் குறைக்க நாம் செய்யக்கூடியது உண்டு. குழந்தையை மேஜையில் படுக்க வைத்து இரண்டு பேர் காலை அழுத்திப் பிடிப்பதைவிட, அம்மாவோ அப்பாவோ மடியில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தால் அழுகை குறைவு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடச் சொல்லிக் கேட்கலாம், ஊசிக்குச் சற்று முன்னால் தொடங்கி முடியும் வரை குடிக்க விட்டால் குழந்தை அடங்குவது கண்ணெதிரே தெரியும். வாய்வழி மருந்தை முதலில் கொடுத்து, அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடுவது நல்ல வழக்கம். நிமோகாக்கல் ஊசி கொஞ்சம் கூடுதலாக எரியும், அதனால் பல நர்ஸ்கள் அதைக் கடைசிக்கு வைப்பார்கள். போலியோ சொட்டோ ரோட்டா மருந்தோ கொடுத்த உடனே பால் கொடுக்கலாமா என்று தயங்க வேண்டாம், கொடுக்கலாம்.

ஊசிக்கு முன்னால் நர்ஸிடம் சொல்ல வேண்டியவை சில: குழந்தைக்கு இப்போது காய்ச்சல் இருக்கிறதா, முந்தைய ஊசியில் ஏதாவது பெரிய பிரச்சினை வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உண்டா. லேசான சளி, மூக்கடைப்பு இருந்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை.

போட்டு முடித்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். "வேலை முடிஞ்சுதே, கிளம்பலாம்" என்று நழுவாதீர்கள். கடுமையான ஒவ்வாமை என்பது கிட்டத்தட்டப் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும், ஆனால் வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும்: உடம்பெங்கும் தடிப்பு, முகமும் உதடும் வீங்குவது, மூச்சில் இழுப்பு, குழந்தை வெளுத்துத் துவள்வது. அங்கேயே இருந்தால் உடனே அட்ரினலின் ஊசி போட்டுச் சரிசெய்துவிடுவார்கள்.

அன்று மாலையும் இரவும்

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஆறு வாரம் முடிந்து இரண்டு நாள், எடை 4.5 கிலோ. காலை 10.30 மணிக்கு ஊசிகள் போட்டாயிற்று. மதியம் வரை சற்று அதிகமாகவே தூங்குகிறது. மாலை ஐந்து மணிக்கு எழுந்து சிணுங்குகிறது, டயப்பர் மாற்றும்போது இடது காலைத் தூக்கினால் வீறிட்டு அழுகிறது, தொடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து கெட்டியாக இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு உடம்பு சுடுகிறது. இதெல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கிறது. பென்டாவலன்ட்டில் இருக்கும் கக்குவான் இருமல் பகுதி முழுக் கிருமியைக் கொன்று செய்ததாக இருந்தால் காய்ச்சல் அதிகம் வரும், கிருமியின் சில துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த வகையில் குறைவாக வரும். இரண்டிலும் பெரும்பாலும் அன்றே தொடங்கி ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும்.

கையை நெற்றியில் வைத்துச் சொல்லும் காய்ச்சலை நம்பாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை அக்குளின் ஆழத்தில் வைத்து, அக்குளில் வியர்வை இருந்தால் முதலில் துடைத்துவிட்டு, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, சத்தம் வரும் வரை காத்திருந்து பாருங்கள். போர்வையில் சுற்றி வைத்திருந்த குழந்தையை எடுத்த உடனே பார்த்தால் பொய்க் காய்ச்சல் காட்டும், கொஞ்ச நேரம் தளர்த்தி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நம் குழந்தைக்கு 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 101 ஃபாரன்ஹீட். நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம், நள்ளிரவில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

இப்போது முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, குழந்தையை. எழுப்பினால் விழிக்கிறதா, முகத்தைப் பார்க்கிறதா, பாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக என்றாலும் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா. இந்த நான்கும் சரியாக இருந்தால், ஊசி போட்டு 24 மணி நேரத்துக்குள் வந்த 39க்குக் கீழான காய்ச்சலை வீட்டிலேயே கவனிக்கலாம். துணியைக் குறைத்து ஒரே அடுக்கு மெல்லிய உடை, அடிக்கடி பால், ஒரே மூச்சில் குடிக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், பாலே போதும். குளிர்ந்த நீரால் உடம்பைத் துடைப்பதும் வேண்டாம், நடுங்கினால் காய்ச்சல் ஏறும்.

ஊசி போட்ட இடத்தில் சுத்தமான துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சில நிமிடம் வைத்தால் குழந்தைக்கு இதமாக இருக்கும். ஐஸை நேராக வைக்கக்கூடாது. தேய்க்கக்கூடாது, நீவிவிடக்கூடாது, எண்ணெயோ களிம்போ பவுடரோ எதுவும் போடக்கூடாது. "கட்டியிருக்கே, நீவினா கரைஞ்சிடும்" என்று யாராவது ஆசையாகக் கை வைப்பார்கள், அங்கேதான் வீக்கம் கூடும். அந்தக் கட்டி சில வாரங்கள் கூட விரலில் தட்டுப்படும். வலியில்லாமல், சிவப்பு ஏறாமல், மெதுவாகச் சுருங்கிக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு சிவப்பு பரவினாலோ சூடாகி வலித்தாலோ சீழ் தெரிந்தாலோ காட்ட வேண்டும். குளிப்பாட்டுவதற்குத் தடை இல்லை, குழந்தை காய்ச்சலில் சோர்ந்திருந்தால் அன்று விட்டுவிடலாம், அவ்வளவுதான்.

பாராசிட்டமால்: அதிகம் தப்பு நடக்கிற இடம்

காய்ச்சல் வருவதற்கு முன்பே, ஊசிக்குப் போகும்போதே கொடுத்துக் கூட்டிப்போவது பலரிடம் உள்ள வழக்கம். 2009 இல் செக் குடியரசில் நடந்த ஆய்வு ஒன்றில், ஊசி போட்டதிலிருந்து முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது, ஆனால் சில தடுப்பூசிகளுக்கு உண்டான எதிர்ப்புப் பொருளின் அளவும் குறைந்தது. அதனால் பொதுவாக, முன்கூட்டியே வேண்டாம், காய்ச்சலோ வலியோ குழந்தையைப் படுத்தினால் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள். மூளைக்காய்ச்சலைத் தரும் ஒரு பாக்டீரியாவுக்கான மெனிங்கோகாக்கல் பி ஊசி இதற்கு விதிவிலக்கு, அதில் காய்ச்சல் அதிகம் வருவதால் அது போடப்படும் சில நாடுகளில் முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் டாக்டர் அப்படிச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இல்லாமல் நாமாக ஊற்றக்கூடாது. ஊசி போடும் அன்றே எடை பார்ப்பார்கள், அப்போதே "இரவு காய்ச்சல் வந்தால் எவ்வளவு" என்று கேட்டு மில்லிலிட்டரில் எழுதி வாங்கிவிடுங்கள், கூடவே எந்த பாட்டில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, விபத்து நடப்பது இதில்தான்.

கணக்கைப் பாருங்கள். பாராசிட்டமால் ஒரு தடவைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 4.5 கிலோ குழந்தைக்கு 45 முதல் 67 மில்லிகிராம் வரை. நம் குழந்தைக்கு டாக்டர் 50 மில்லிகிராம் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் டிராப்ஸ் என்று விற்கும் சின்ன பாட்டிலில் பெரும்பாலும் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும், அப்படியானால் அரை மில்லிலிட்டர் போதும். சிரப் பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கும், அதாவது 1 மில்லிலிட்டரில் வெறும் 24, அதிலிருந்து 50 மில்லிகிராம் வர ஏறக்குறைய 2 மில்லிலிட்டர் வேண்டும். இப்போது சிரப்புக்கு எழுதிய 2 மில்லிலிட்டரை நினைவில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால் 200 மில்லிகிராம் போய்விடும், எழுதியதைப் போல நாலு மடங்கு. பெயரும் ஒன்று, நிறமும் சில சமயம் ஒன்று. பாட்டிலில் "1 மி.லி.க்கு" என்று போட்டிருக்கிறதா "5 மி.லி.க்கு" என்று போட்டிருக்கிறதா என்பதை விளக்கைப் போட்டுப் படியுங்கள். அளப்பதற்கு அந்த பாட்டிலோடு வந்த டிராப்பரோ ஊசியில்லாத சிரிஞ்சோதான், வீட்டு ஸ்பூன் எந்த அளவும் இல்லை.

கொடுத்த நேரத்தை எழுதுங்கள். நம் குழந்தைக்கு எட்டரை மணிக்குக் கொடுத்தார்கள். பத்து மணிக்கு 37.6. காய்ச்சல் முழுக்க இறங்கவில்லையே என்று அப்போதே இன்னொரு தடவை கொடுக்கக்கூடாது, மருந்தின் வேலை குழந்தையை இலகுவாக்குவது, எண்ணை 36.5க்குக் கொண்டுவருவது அல்ல. மறுபடி தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து, 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் போகாமல். இரவு இரண்டரை மணிக்கு மறுபடி 38.2, பால் குடிக்கவும் மறுத்துச் சிணுங்கியதால் இன்னொரு அரை மில்லிலிட்டர். ஒரு மணி நேரத்தில் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியது. காலை ஒன்பதுக்கு 37.2, அதன் பிறகு மருந்து தேவைப்படவில்லை. நல்ல தூக்கத்தில் இருக்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம். ஐபுப்ரோஃபென் இந்த வயதுக்கு இல்லை, ஆஸ்பிரின் குழந்தைகளுக்கே கூடாது.

எப்போது கிளம்ப வேண்டும்

ஆறு வாரக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது சாதாரண நாட்களில் சின்ன விஷயமே இல்லை. மூன்று மாதத்துக்குக் கீழே 38 தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும், ரத்தத்திலோ மூளை உறையிலோ சிறுநீரிலோ தொற்று இருந்தும் வெளியே காய்ச்சல் மட்டுமே தெரியலாம். ஊசி போட்ட முதல் நாளுக்கு மட்டும் நாம் ஒரு சலுகை கொடுக்கிறோம். அந்தச் சலுகையை இழுத்துக்கொண்டே போகக்கூடாது. காய்ச்சல் 39 தொட்டாலோ, ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்துப் புதிதாக ஆரம்பித்தாலோ, 48 மணி நேரம் தாண்டியும் நின்றாலோ "ஊசிக் காய்ச்சல்தான்" என்ற பேச்சுக்கு இடமில்லை, காட்டிவிட வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் குழந்தை எழுப்பினால் எழாமல் இருந்தால், தொடர்ந்து பாலை மறுத்தால், ஆறேழு மணி நேரமாக டயப்பர் நனையாமல் இருந்தால், மூச்சு வேகமாகவோ முனகலோடோ வந்தால், வலிப்பு வந்தால் உடனே கிளம்ப வேண்டும். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்துக்கு மேல்தான் வரும், அதனால் ஆறு வாரத்தில் வரும் வலிப்பைக் காய்ச்சல் கணக்கில் எழுதிவிட முடியாது.

இரண்டு விஷயம் அரிதாக நடக்கும், பார்த்தால் ஈரக்குலை நடுங்கும். ஒன்று, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக எதற்கும் அடங்காமல் ஒரே வீச்சாக அழுவது. இன்னொன்று, ஊசி போட்ட முதல் இரண்டு நாளுக்குள் குழந்தை திடீரென்று வெளுத்து, கைகால் தொய்ந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடப்பது. இரண்டும் தானாகச் சரியாகிவிடக்கூடியவை, பின்விளைவு வைக்காதவை என்று மருத்துவர்களுக்குத் தெரியும், ஆனால் அது அதுதானா என்று வீட்டில் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆகவே இரண்டுக்கும் மருத்துவமனைதான்.

தாமதமாக வருபவை

ரோட்டா மருந்துக்குப் பிறகு ஓரிரு நாள் மலம் இளகிப் போகலாம். மருந்தில் இருக்கும் பலவீனமான வைரஸ் மலத்தில் சில நாள் வெளியேறும், டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கவனிக்க வேண்டியது வேறொன்று. மிக அரிதாக, அதுவும் முக்கியமாக முதல் தடவை கொடுத்த பிறகு வரும் ஒரு வாரத்தில், குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளலாம். அப்போது குழந்தை சில நிமிடம் காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும், பிறகு ஓய்ந்து வெளுத்துக் கிடக்கும், மறுபடி அழும். வாந்தி வரும், அது பச்சையாக மாறலாம், மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து சிவப்பு ஜெல்லி போல வரலாம். இந்த விட்டு விட்டு வரும் அழுகையைப் பார்த்தால் மலத்தில் ரத்தம் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் போனால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரிசெய்ய முடியும்.

பிசிஜி பிறந்த உடனே போட்டது என்பதால் எல்லோரும் மறந்திருப்பார்கள். அது சுமார் இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒரு சின்னக் கட்டியாகத் தொடங்கி, சீழ் வைத்தது போல ஆகி, உடைந்து, பொருக்குத் தட்டி, சில வாரங்களில் தழும்பாக ஆறும். இது நடக்கும் வாரமும் ஆறாவது வார ஊசியும் ஒன்றாக வந்து சேருவதால், "புதுசா போட்ட ஊசி கையில சீழ் பிடிச்சிடுச்சு" என்ற பதற்றம் வரும். இடது கையில் இருப்பது பழைய ஊசி, புதியது பெரும்பாலும் தொடையில் இருக்கிறது. பிதுக்காமல், மருந்து தடவாமல், கட்டுப் போடாமல் உலர விடுங்கள், குளிக்கும்போது நனைந்தால் ஒற்றியெடுத்தால் போதும். இடது அக்குளில் நெறி கட்டிப் பெரிதாகிக்கொண்டே போனாலோ புண் ஆறாமல் விரிந்தாலோ காட்ட வேண்டும்.

ஒன்பதாவது மாதத்திலோ 12ஆவது மாதத்திலோ போடும் தட்டம்மை ஊசியின் நேரக் கணக்கு முற்றிலும் வேறு. தாயிடமிருந்து கர்ப்பத்தில் வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் வரை இந்த ஊசியில் உள்ள உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸை அது அழித்துவிடும், அது குறையும் வரை காத்திருந்து போடுகிறார்கள். போட்டபின் அந்த வைரஸ் உடம்பில் கொஞ்சம் பெருகித்தான் எதிர்ப்பை உண்டாக்க வேண்டும், அதனால் காய்ச்சலும் லேசான தடிப்பும் வருவதென்றால் ஏறக்குறைய 7 முதல் 12 நாள் கழித்துத்தான் வரும். ஊசி போட்டு மூன்று மணி நேரத்தில் வந்த காய்ச்சலைத் தட்டம்மை ஊசியின் தலையில் போடுவதும், பத்தாம் நாள் வந்த தடிப்பை "ஏதோ ஒவ்வாமை" என்று தேடுவதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான். அந்தத் தடிப்பு மற்றவர்களுக்குத் தொற்றாது.

எதுவுமே வராத குழந்தைகளும் நிறைய. காய்ச்சல் வரவில்லை, ஊசி பிடிக்கவில்லையோ என்று கேட்பார்கள். காய்ச்சலுக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டானதற்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

பத்தாவது வாரத்துக்குப் போகும்போது அந்த இரவு எழுதிய தாளை எடுத்துப் போங்கள். 38.3 வந்தது, தொடை வீங்கியது, ஒரு நாள் சிணுங்கியது என்றால் நர்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த ஊசியைப் போடுவார், அடுத்த ஊசியை நிறுத்த இது காரணம் ஆகாது. மூச்சு இழுத்து முகம் வீங்கிய ஒவ்வாமை, அல்லது ஊசி போட்ட ஏழு நாளுக்குள் நினைவு தப்பி மூளை பாதித்தது என்றால் அந்த மருந்தை அல்லது அதில் உள்ள கக்குவான் இருமல் பகுதியைத் திரும்பக் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்வார்கள். அடங்காத அழுகையோ துவண்டு போனதோ நடந்திருந்தால் ஊசியைப் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், போட்ட பிறகு சொன்னால் அவர் யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது.